சால்ட் திருடனுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்?

"ஒரு சிறிய உறுப்பினர் தளத்தைப் பராமரிக்கிறேன். கடவுச்சொற்களை ஷா-1 ஹாஷாக மாற்றித்தான் சேமிக்கிறோம். ஹாஷைத் திரும்பக் கடவுச்சொல்லாக மாற்ற முடியாது என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க சால்ட் எதற்கு? அதையும் ஹாஷுக்குப் பக்கத்திலேயே சேமிக்கச் சொல்கிறார்கள். அட்டவணையைத் திருடுகிறவன் இரண்டையும் சேர்த்துத்தானே எடுத்துப்போவான்?"

ஆமாம், சேர்த்துத்தான் எடுத்துப்போவான். அவன் கையில் சால்ட் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அந்த ஏற்பாடே வகுக்கப்பட்டது. சால்ட் என்பது ஒவ்வொருவரின் கடவுச்சொல்லோடும் சேர்க்கப்படும் ஒரு தற்போக்கு எண். அது சாவி அல்ல. அது எதையும் பூட்டுவதில்லை. திருடன் ஒருமுறை செய்யும் கணக்கு ஒரே ஒரு உறுப்பினருக்கு மட்டுமே பயன்பட வேண்டும், மற்றவர்களுக்கு அவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகவே சால்ட் இருக்கிறது. இது புரிய வேண்டுமானால், திருடியவன் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு உண்மையில் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.

ஹாஷைத் திருப்ப முடியாது என்று நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அவன் திருப்பவே முயல்வதில்லை. ஊகிக்கிறான். ஷா-1 என்பது ஊரறிந்த செய்முறை. எந்த எழுத்துத் தொடரைக் கொடுத்தாலும் 40 எழுத்துகள் கொண்ட ஒரு விடை வரும். அதே தொடரை எந்தக் கணினியில் கொடுத்தாலும், எந்த ஆண்டில் கொடுத்தாலும் அதே விடைதான். ஓர் எழுத்து கூடினாலும் விடை அடியோடு மாறிவிடும்:

```
123456   7c4a8d09ca3762af61e59520943dc26494f8941b
1234567  20eabe5d64b0e216796e834f52d61fd0b70332fc
```

இந்த இரண்டு விடைகளைப் பார்த்து, மூலத்தில் இவை ஒரே ஓர் இலக்கத்தால்தான் வேறுபட்டன என்று யாராலும் சொல்ல முடியாது. ஹாஷின் வலிமை அது. ஆனால் `123456` என்று நிறையப் பேர் வைத்திருப்பார்கள் என்பது திருடனுக்குத் தெரியும். அவன் தன் கணினியில் அதற்கு ஹாஷ் எடுக்கிறான். வந்த விடை உங்கள் அட்டவணையில் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறான். இருந்தால், அந்த வரிக்குரியவரின் கடவுச்சொல் தெரிந்துவிட்டது. எதையும் உடைக்கவில்லை, எதையும் திருப்பவில்லை. உங்கள் சர்வர் உள்நுழைவின்போது செய்கிற அதே வேலையை அவன் தன் வீட்டில் உட்கார்ந்து செய்கிறான். உங்கள் தளத்தில் ஐந்து முறை தவறினால் கணக்கு முடங்கும் என்ற கட்டுப்பாடு இருந்தாலும், திருடிக்கொண்டுபோன நகலில் அது இல்லை. எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் ஊகிக்கலாம்.

சால்ட் இல்லாத அட்டவணையில் அவனுக்கு இன்னொரு பெரிய வசதி கிடைக்கிறது. `123456` என்பதற்கு ஒருமுறை ஹாஷ் எடுத்தால் போதும், அதை வைத்திருக்கும் எல்லா உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டுவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் அனைவருடைய வரியிலும் அதே 40 எழுத்துகள் இருக்கும். ஒரு கணக்குப் போட்டு பத்து லட்சம் பேருடன் ஒப்பிட்டுவிடுகிறான். அந்தக் கணக்கைக்கூட அவனே போட வேண்டியதில்லை. கோடிக்கணக்கான சொற்களுக்கு முன்கூட்டியே ஹாஷ் எடுத்து வைத்த பட்டியல்கள் உண்டு. அவற்றை மிகக் குறைந்த இடத்தில் அடக்கி வைக்கும் ரெயின்போ அட்டவணை என்னும் முறையை 2003இல் பிலிப் ஓக்ஸ்லின் வெளியிட்டார். யாரோ ஒருவர் பல மாதம் கணினியை ஓட்டிச் செய்து வைத்த வேலை, உங்கள் அட்டவணை களவுபோகும் நாளில் தயாராகக் காத்திருக்கும்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012 ஜூன் மாதத்தில் லிங்க்ட்இன் உறுப்பினர்களின் சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் இணையத்தில் வெளியாயின. உங்களிடம் இருப்பது போலவே ஷா-1தான், சால்ட் கிடையாது. வெளியான பட்டியலில் பாதிக்கும் மேற்பட்ட வரிகளின் முதல் ஐந்து எழுத்துகள் `00000` என்று மாற்றப்பட்டிருந்தன. இயல்பான ஹாஷ்களில் இத்தனை வரிகள் அப்படி அமைய வாய்ப்பே இல்லை. விடை கண்டுபிடிக்கப்பட்டவற்றுக்கு இடப்பட்ட குறி அது என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். அதாவது, உலகத்தின் கண்ணில் படுவதற்கு முன்பே பாதிக்கு மேல் போய்விட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே களவில் எடுக்கப்பட்ட சுமார் 11.7 கோடி மின்னஞ்சல் முகவரிகளும் ஹாஷ்களும் விற்பனைக்கு வந்தன. ஷா-1 அங்கே எந்தப் பிழையும் செய்யவில்லை, தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஒரே சொல்லுக்கு எல்லோருக்கும் ஒரே விடை என்பதுதான் கதவைத் திறந்துவிட்டது.

இப்போது சால்ட்டைச் சேர்த்துப் பாருங்கள். புதிய உறுப்பினர் கடவுச்சொல் வைக்கும்போது சர்வர் அவருக்கென்று 16 பைட் நீளமுள்ள ஒரு தற்போக்கு எண்ணை உருவாக்குகிறது. அதைக் கடவுச்சொல்லோடு சேர்த்து ஹாஷ் எடுத்து, சால்ட்டையும் ஹாஷையும் அவருடைய வரியில் எழுதிவைக்கிறது. அவர் மறுபடி உள்நுழையும்போது அந்த வரியிலிருக்கும் சால்ட்டை எடுத்து, அவர் தட்டச்சு செய்ததோடு சேர்த்து, மீண்டும் ஹாஷ் எடுத்து ஒப்பிடுகிறது. சால்ட்டைச் சர்வர் படித்தாக வேண்டும் என்பதால்தான் அது பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது `123456` என்று வைத்திருக்கும் இரண்டு பேரின் வரிகளில் தொடர்பே இல்லாத இரண்டு ஹாஷ்கள் இருக்கும். யாரும் யாரோடும் ஒத்துப்போவதில்லை.

திருடனிடம் அந்தச் சால்ட்கள் எல்லாம் இருக்கின்றன. முதல் உறுப்பினரின் சால்ட்டோடு `123456` சேர்த்து ஹாஷ் எடுக்கிறான், பொருந்தினால் அந்த ஒருவர் மட்டுமே சிக்குகிறார். அடுத்தவரைச் சோதிக்க அவருடைய சால்ட்டோடு அதே சொல்லை மறுபடி சேர்த்து மறுபடி கணக்கிட வேண்டும். முன்கூட்டியே தயாரித்த பட்டியல்கள் எல்லாம் பயனற்றுப்போகின்றன. 16 பைட்டில் எழுதக்கூடிய ஒவ்வொரு சால்ட்டுக்கும் ஒரு பட்டியல் தயாரித்து வைக்க இந்த உலகத்தின் கணினிகள் போதாது. களவு நடந்த பிறகுதான், சால்ட் கைக்கு வந்த பிறகுதான், அவன் முதல் கணக்கையே தொடங்க முடியும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் களவைக் கண்டறிந்து எல்லோரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்ல முடியும்.

இந்த எண்ணம் புதிதல்ல. யூனிக்ஸ் அமைப்பைப் பற்றி ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையிலேயே சால்ட் விளக்கப்பட்டிருக்கிறது. அப்போது அது 12 பிட் மட்டுமே, 4,096 வகைகள்தான். ஹாஷும் சால்ட்டும் இருந்த `/etc/passwd` கோப்பை அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எவரும் திறந்து படிக்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்ற நிலையில்தான் சால்ட் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதை ஒளித்துவைக்க வேண்டுமோ என்ற குழப்பம் வராது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு, இருக்கிற ஷா-1உடன் சால்ட்டைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நீங்கள் போய்விடக் கூடாது. பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஏன் போதாது என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். உங்கள் அட்டவணையில் 10 லட்சம் உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். திருடனிடம், மக்கள் வழக்கமாக வைக்கும் கடவுச்சொற்கள் ஒரு கோடி அடங்கிய பட்டியல் இருக்கிறது. இன்றைய உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குச் சுமார் 5,000 கோடி ஷா-1 கணக்குகளைப் போடும்.

சால்ட் இல்லையென்றால் அவன் போட வேண்டியது ஒரு கோடிக் கணக்கு மட்டுமே. கண் இமைப்பதற்குள், ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில், அது முடிந்துவிடும். சால்ட் இருந்தால் ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு கோடியை 10 லட்சத்தால் பெருக்க வேண்டும். 10 லட்சம் கோடிக் கணக்குகள். சால்ட் தன் வேலையைச் செய்துவிட்டது, திருடனின் உழைப்பை 10 லட்சம் மடங்கு ஆக்கிவிட்டது. ஆனாலும் நொடிக்கு 5,000 கோடி என்ற வேகத்தில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 200 நொடி. கார்டுக்குள் தரவை ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து இதை இரட்டிப்பாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் உங்கள் அட்டவணையில் இருக்கும் எளிய கடவுச்சொற்கள் எல்லாம் அவன் கையில் இருக்கும்.

சிக்கல் ஷா-1 வேகமானது என்பதில் இருக்கிறது. அது அதன் குறையும் அல்ல. பெரிய கோப்பு ஒன்று வழியில் மாறாமல் வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பது போன்ற வேலைகளுக்காக உருவான செய்முறை அது, அங்கே வேகம் தேவை. அதன் பின்வந்த ஷா-256உம் அப்படித்தான். ஷா-1 பழையது, ஷா-256க்கு மாறிவிட்டோம் என்று சிலர் நிம்மதியாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகவே இருக்கும். கோப்புகளுக்கும் கையொப்பங்களுக்கும் அந்த மாற்றம் அவசியம்தான். கடவுச்சொல் அட்டவணைக்கு அது தரும் கூடுதல் பாதுகாப்பு மிகச் சிறிது, ஏனென்றால் ஊகிக்கிறவனுக்கு அதுவும் நொடிக்குப் பல நூறு கோடி முறை ஓடும்.

கடவுச்சொல்லுக்குத் தேவைப்படுவது வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹாஷ். நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மாசியேரும் 1999இல் வெளியிட்ட பிகிரிப்ட் அத்தகையது. அதில் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பதை நீங்களே ஓர் எண்ணாகத் தரலாம். அந்த எண் ஒன்று கூடினால் வேலை இரண்டு மடங்காகும். 12 என்று கொடுத்தால் உள்ளே 4,096 சுற்றுகள் நடக்கும். சாதாரணச் சர்வரில் ஒருவரின் உள்நுழைவைச் சரிபார்க்க ஏறக்குறைய கால் நொடி ஆகும். உறுப்பினருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஷா-1ஐ நொடிக்கு 5,000 கோடி முறை ஓட்டிய அதே கார்டு, 12 என்ற அளவில் பிகிரிப்டை நொடிக்குச் சுமார் 1,500 முறைதான் ஓட்ட முடியும்.

இப்போது அதே கணக்கைப் போடுங்கள். 10 லட்சம் கோடியை 1,500 ஆல் வகுத்தால் வருவது 660 கோடி நொடிகளுக்கு மேல், அதாவது 210 ஆண்டுகளுக்கும் கூடுதல். 200 நொடியில் முடிந்த வேலை இது. இரண்டும் சேர்ந்து செய்த காரியம் என்பதைக் கவனியுங்கள். பிகிரிப்டையே சால்ட் இல்லாமல் பயன்படுத்த முடிந்தால் ஒரு கோடிக் கணக்கு போதும், இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். சால்ட் மட்டும் இருந்து ஹாஷ் வேகமாக இருந்தால் மூன்று நிமிடம். ஒன்று ஊகங்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது, மற்றொன்று ஒவ்வோர் ஊகத்தின் விலையை ஏற்றுகிறது. பெருக்கல் என்பதால்தான் நிமிடங்கள் நூற்றாண்டுகளாகின்றன.

இந்தக் கணக்கின் எல்லையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திருடன் உங்கள் எல்லா உறுப்பினர்களையும் விட்டுவிட்டு ஒரே ஒருவரை மட்டும் குறிவைத்தால், முன்கூட்டியே தயாரித்த பட்டியல்களைத் தடுப்பதைத் தவிர சால்ட்டால் வேறு பயன் இல்லை. பெருக்குவதற்கு அங்கே வேறு ஆள் இல்லை. ஒரு கோடி ஊகங்களையும் அந்த ஒருவர் மேல் போட்டுப்பார்க்க இரண்டு மணி நேரம் கூட ஆகாது. நிர்வாகியின் கணக்கு எது என்பது அட்டவணையிலேயே தெரிந்தால் அவன் அதைத்தான் முதலில் எடுப்பான். அதேபோல், ஒரு கோடிச் சொற்களுக்குப் பதிலாக மிகப் பரவலான 100 சொற்களை மட்டும் 10 லட்சம் பேர் மீதும் சோதிக்க நினைத்தால் 10 கோடிக் கணக்குகள், ஒரே கார்டில் 18 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். `123456` வைத்திருப்பவரை எந்த ஹாஷும் காப்பாற்றாது. அதனால், பதிவு செய்யும்போதே பரவலான கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மறுத்துவிடுங்கள். ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி என்று கட்டாயப்படுத்துவதைவிட இது பல மடங்கு பயன்தரும்.

பிகிரிப்டைப் பயன்படுத்தினால் உங்கள் அட்டவணையில் என்ன இருக்கும் என்று காட்டுகிறேன். `abc123xyz` என்ற கடவுச்சொல்லுக்குரிய ஒரு வரி இது:

```
$2a$12$R9h/cIPz0gi.URNNX3kh2OPST9/PgBkqquzi.Ss7KIUgO2t0jWMUW
```

முதலில் வரும் `2a` செய்முறையின் பதிப்பு. அடுத்த `12` நீங்கள் தந்த வேக அளவு. அதற்குப் பின் வரும் 22 எழுத்துகள், `R9h/` என்று தொடங்கி `kh2O` வரை, சால்ட். மீதி 31 எழுத்துகள்தான் ஹாஷ். மொத்தம் 60 எழுத்துகளில் எல்லாமே அடங்கிவிடுகின்றன. தனியாகச் சால்ட்டுக்கு ஒரு நெடுவரிசை வேண்டியதில்லை, சால்ட்டை நீங்கள் கையால் உருவாக்க வேண்டியதும் இல்லை. நூலகமே அதைச் செய்யும். வேக அளவு வரியிலேயே இருப்பதால் நாளை 13 ஆக்கினாலும் பழைய வரிகள் தடையின்றி வேலை செய்யும். ஒருவர் உள்நுழையும்போது அவருடைய வரியை மட்டும் புதிய அளவில் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 2015இல் முடிந்த கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2 இன்னும் நல்ல தேர்வு. அது நேரத்தோடு நினைவகத்தையும் நிறையக் கேட்கும். கிராஃபிக்ஸ் கார்டில் ஆயிரக்கணக்கான கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடக் காரணம், ஒவ்வொன்றுக்கும் மிகக் குறைந்த நினைவகமே தேவைப்படுவதுதான். ஒவ்வோர் ஊகத்துக்கும் பல மெகாபைட் வேண்டும் என்றால் அந்த வசதி சுருங்கிவிடும். உங்கள் மொழியில் அதற்கு நல்ல நூலகம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிகிரிப்ட் தாராளமாகப் போதும். அதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கடவுச்சொல்லின் முதல் 72 பைட்டுகளைத்தான் அது பார்க்கும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட் என்பதால் பெரும்பாலும் இது உறைக்காது. தமிழில் தட்டச்சு செய்தால் 'க' மூன்று பைட், 'கி' ஆறு பைட். நீண்ட தமிழ் வாக்கியத்தைக் கடவுச்சொல்லாக வைக்கிறவருக்குப் பன்னிரண்டு உயிர்மெய் எழுத்துகளிலேயே எல்லை வந்துவிடலாம்.

சால்ட் போட்டும் கெடுத்துக்கொள்கிற ஒரு வழியை நானே நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் பழைய நிரலைச் சரிபார்க்க அழைத்திருந்தார்கள். சால்ட் இருக்கிறது என்று ஆவணத்தில் எழுதியிருந்தது, நிரலிலும் சால்ட் என்ற பெயரில் ஒரு மாறி இருந்தது. அதனால் முதலில் நானும் தலையசைத்துவிட்டேன். பிறகு மனம் ஒப்பாமல் அட்டவணையில் இதை ஓட்டினேன்:

```
SELECT password_hash, COUNT(*)
FROM users
GROUP BY password_hash
HAVING COUNT(*) > 1;
```

ஒவ்வொருவருக்கும் தனிச் சால்ட் இருந்தால் இதற்கு ஒரு வரிகூட விடையாக வரக் கூடாது. வரிசை வரிசையாக வந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரே தொடரை நிரலில் எழுதிவைத்து, அதைத்தான் சால்ட் என்று அழைத்திருந்தார்கள். வெளியில் கிடைக்கும் தயார்ப் பட்டியல்களை மட்டும் அது தடுக்கும். அந்த அட்டவணைக்குள் ஒரு கணக்கால் எல்லோரையும் சோதிக்கும் வசதி அப்படியே இருந்தது. அந்தத் தொடர் ரகசியமானது, நிரலில்தானே இருக்கிறது என்று அங்கிருந்த ஒருவர் வாதிட்டார். ரகசியமாக வைக்க ஒரு சாவியைக் கூடுதலாகச் சேர்க்கும் முறை உண்டு. அதைப் பெப்பர் என்பார்கள், டேட்டாபேஸுக்கு வெளியே தனி இடத்தில் வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது சால்ட்டுக்கு மேல் போடுவது. சால்ட்டின் இடத்தில் உட்கார அதனால் முடியாது. நீங்களும் உங்கள் அட்டவணையில் இந்த வினவலை இன்றே ஓட்டிப்பாருங்கள். உங்களிடம் சால்ட் இல்லாததால் அநேகமாக வரிகள் வரும். எத்தனை பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்கிறார்கள் என்று நீங்கள் பார்ப்பதைத்தான் திருடனும் முதலில் பார்ப்பான். பயனர் பெயரையே சால்ட்டாக வைப்பதும் இதன் தம்பிதான்: `admin` என்ற பெயர் எல்லாத் தளத்திலும் இருப்பதால், அதற்கென்று பட்டியல் தயாரித்து வைக்கலாம். அவர் கடவுச்சொல்லை மாற்றினாலும் சால்ட் மாறாது.

இனி உங்கள் பழைய வரிகளுக்கு வருவோம். உங்களிடம் கடவுச்சொற்கள் இல்லை, ஷா-1 விடைகள்தான் இருக்கின்றன. அதனால் ஒவ்வொருவரும் வந்து உள்நுழையும் வரை காத்திருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படிக் காத்திருந்தால், ஆண்டுக்கணக்கில் வராத உறுப்பினர்களின் வரிகள் பழைய நிலையிலேயே கிடக்கும். காத்திருக்க வேண்டாம். இருக்கிற ஷா-1 விடையையே ஒரு கடவுச்சொல்லாகப் பாவித்து, அதன்மேல் பிகிரிப்டை ஒரே இரவில் ஓட்டிவிடலாம்:

```
bcrypt( sha1_hex(password), salt )
```

ஒருவர் உள்நுழையும்போது முதலில் ஷா-1, பிறகு பிகிரிப்ட் என்று இரண்டு படியாகச் சரிபார்க்க வேண்டும். பொருந்திவிட்டால், அந்த நொடியில் உண்மையான கடவுச்சொல் உங்கள் சர்வரின் கையில் இருக்கிறது. அதை நேரடியாக பிகிரிப்ட் செய்து அவருடைய வரியை மாற்றி எழுதி, இவர் புதிய முறைக்கு வந்துவிட்டார் என்று ஒரு குறியும் போட்டுவிடுங்கள். இதில் ஷா-1 விடையைப் பதினாறடிமான எழுத்துகளாகவே கொடுங்கள், மூல பைட்டுகளாகக் கொடுக்காதீர்கள். மூல பைட்டுகளின் நடுவில் சுழியம் வந்தால் பல பிகிரிப்ட் நூலகங்கள் அங்கேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். முதல் பைட்டே சுழியமாக அமைந்துவிட்டவர்களின் கணக்கில், அப்படி அமைகிற வேறு எந்தக் கடவுச்சொல்லும் உள்ளே நுழைந்துவிடும்.

மாற்றி முடித்ததும் பழைய ஷா-1 நெடுவரிசையை அழித்துவிட வேண்டும். ஒருவேளை தேவைப்படும் என்று விட்டுவைக்கும் அந்தப் பழக்கம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஆஷ்லி மேடிசன் தளத்தின் கதை இருக்கிறது. 2015இல் அதன் தரவு முழுவதும் வெளியானபோது, சுமார் 3.6 கோடிக் கடவுச்சொற்கள் பிகிரிப்டில், அதுவும் 12 என்ற அளவில் இருப்பதைப் பார்த்து, இவற்றைத் தொட முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். சைனோஷ்யூர் பிரைம் என்ற குழு பிகிரிப்டைத் தொடவே இல்லை. வெளியான நிரலைப் படித்தது. தானாக உள்நுழைவதற்கான ஒரு குறியீட்டை உருவாக்க, அந்த நிரல் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சிறிய எழுத்தாக்கி ஒன்றாகச் சேர்த்து எம்டி5 ஹாஷ் எடுத்திருந்தது. சுமார் 1.5 கோடிப் பேருக்கு அந்தக் குறியீடு அதே தரவில் கிடந்தது. பயனர் பெயர் சேர்ந்திருந்ததால் ஒருவருடைய கணக்கு மற்றவருக்கு உதவவில்லை, அந்த அளவில் அது சால்ட் போலவே வேலை செய்தது. ஆனால் எம்டி5 ஷா-1ஐவிடவும் வேகமானது. அதில் ஊகித்துக் கண்ட சொல்லில் எது பெரிய எழுத்து, எது சிறிய எழுத்து என்று தீர்மானிக்க மட்டும் பிகிரிப்டைச் சில தடவை ஓட்டினார்கள். சில நாட்களில் 1.1 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் வெளிவந்தன.

ஆகவே உங்கள் தளத்தில் கடவுச்சொல் தட்டச்சு செய்யப்படும் இடத்திலிருந்து அது போகும் ஒவ்வொரு வழியையும் பின்தொடர்ந்து பாருங்கள்: 'என்னை நினைவில் வை' குறியீடு எதிலிருந்து உருவாகிறது, பிழைப் பதிவேட்டில் படிவத்தின் முழு உள்ளடக்கமும் எழுதப்படுகிறதா, மாற்றத்துக்கு முன் எடுத்த டேட்டாபேஸ் நகல்கள் எந்தெந்த வட்டில் இருக்கின்றன. அந்த நகல்களில் இருப்பது இன்னும் சால்ட் இல்லாத ஷா-1தான். அவற்றையும் அழித்த பிறகுதான் மாற்றம் முடிந்தது.